உங்கள் தீர்மானத்தைத் திருத்திவிட்டேன், தம்பிகளே

நற்பணி மன்றக் கிளைச் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும், முதல் நாள் முதல் காட்சிக்குக் கட்அவுட்டின் தலையில் ஏறிக் கயிறு கட்டுகிற தம்பிகளுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களில் மூன்று பேர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தீர்கள். கையில் ஒரு தீர்மானம். "தலைவர் உடனடியாகக் கட்சி தொடங்க வேண்டும், கோட்டையில் நாற்காலி காத்திருக்கிறது" என்று மாநிலத் தலைமைக்கு அனுப்பப் போவதாகவும், எழுத்துப் பிழை பார்த்துத் தரும்படியும் கேட்டீர்கள். இரண்டு பேர் என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவர்கள், மறுக்க முடியுமா? பிழை திருத்திவிட்டேன். ஆனால் படித்துக்கொண்டே போனபோது பிழை தமிழில் மட்டும் இல்லை, கணக்கிலும் இருக்கிறது என்று பட்டது. உங்களைப் போலவே எல்லா ஊர் மன்றமும் இதே கணக்கைத்தான் போடுகிறது என்பதால் இதை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போது களத்தில் நிற்கிறவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பேசினால் நீங்களும் காது கொடுக்க மாட்டீர்கள், நானும் நிதானமாக எழுத மாட்டேன். முடிந்துபோன தேர்தல்கள் போதும். அவற்றின் கணக்கை யாரும் மாற்ற முடியாது.

உங்கள் தீர்மானத்தின் மூன்றாவது பத்தியில் இப்படி இருக்கிறது: "நமது கிளையில் 400 உறுப்பினர்கள். வீட்டுக்கு நான்கு ஓட்டு என்றால் 1,600 ஓட்டு உறுதி." இதை வாசித்ததும் எனக்கு ஒரு பூத்து ஞாபகம் வந்தது.

நான் பணியில் இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். அப்படி ஒரு சட்டமன்றத் தேர்தல், ஒரு கிராமத்து ஒன்றியப் பள்ளி. நடிகர் ஒருவர் தொடங்கிய புதுக் கட்சியும் அந்தத் தேர்தலில் நின்றது. எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், நாலைந்து உண்டு. வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்னால் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டி, இயந்திரத்தை அழித்து, சீல் வைத்து, கையெழுத்து வாங்க வேண்டும். பழைய கட்சி ஒன்றின் முகவராக ஒரு பெரியவர் எனக்கு முன்பே வந்து பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்தார். மடித்த வாக்காளர் பட்டியல், சிவப்புப் பென்சில், ஒரு தூக்கில் கஞ்சி. புதுக் கட்சியின் தம்பி வரும்போது சீல் வைத்து முடித்திருந்தோம். நியமனப் படிவத்தில் கையெழுத்து விட்டுப்போயிருந்ததால் அதை வாங்க ஓடினார். திரும்பி வந்தபோது நூறு ஓட்டு பதிவாகியிருந்தது.

பெரியவர் ஒவ்வொரு பெயருக்கும் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். சிலரைப் பார்த்ததும் சிரிப்பார், சிலரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். மத்தியானத்துக்கு மேல் மாற்று முகவரை உட்கார வைத்துவிட்டு வெளியே போனார். அரை மணி நேரம் கழித்து ஒரே தெருவைச் சேர்ந்த பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். அதற்கு அடுத்த அரை மணியில் இன்னொரு தெரு. எந்தத் தெருவில் யார் இன்னும் வரவில்லை, அவர்களில் யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடாமல் தூங்க விட வேண்டும் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் இருந்தது. புதுக் கட்சித் தம்பி ஒரு மணிக்குச் சாப்பிடப் போனவர் திரும்பவே இல்லை. ஒருவருக்குப் பதில் உட்கார மாற்று முகவர் இரண்டு பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதே அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. மாலையில் பதிவான ஓட்டுக் கணக்கை 17சி படிவத்தில் எழுதி முகவர்களுக்கு நகல் கொடுத்தபோது, அவர் நகலை வாங்க ஆள் இல்லை.

நான் மறக்காமல் இருப்பது அந்தத் தம்பி சாப்பிடப் போனதற்காக அல்ல. பிறகு பூத்து வாரியான கணக்கு வெளிவந்தபோது அந்தப் பள்ளியின் வரியைத் தேடிப் பார்த்தேன். அவர் கட்சிக்கு எழுபதுக்கு மேல் ஓட்டு விழுந்திருந்தது! யாரும் கூப்பிடவில்லை. சிலிப் கொடுக்கவில்லை. வேட்பாளர் பெயர் அந்த ஊரில் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எழுபது பேர் தாங்களாக வந்து, சின்னத்தைத் தேடி, அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். வேறு எந்தத் தொழில் செய்கிறவரும் கட்சி ஆரம்பித்து இப்படி ஓட்டு வாங்க முடியாது. நடிகரின் செல்வாக்கு பொய் என்று பழைய கட்சிக்காரர்கள் சொன்னால் நம்பாதீர்கள். அந்த எழுபது ஓட்டு நிஜம்.

ஆனால் அது எழுபதுதான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

விஜயகாந்த் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2005 செப்டம்பரில் மதுரையில் தேமுதிகவைத் தொடங்கினார். எட்டு மாதத்தில் தேர்தல். யாரோடும் சேராமல் 232 தொகுதியில் ஆள் நிறுத்தினார். மாநிலம் முழுக்க 8.4 சதவீத ஓட்டு. பிறந்து ஒரு வயதுகூட ஆகாத கட்சிக்கு இது சாதாரணம் அல்ல. கிடைத்த இடம் ஒன்று. அதுவும் அவரே நின்ற விருத்தாசலம்.

அந்த ஒன்றைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாமக பலமாக இருந்த பகுதி அது. அங்கே போய் நின்று ஏறத்தாழ 40 சதவீத ஓட்டை வாங்கினார். மற்ற 231 பேருக்கும் சேர்த்துச் சராசரி போட்டால் 8 சதவீதம். ஒரே கட்சி, ஒரே சின்னம், ஒரே பிரச்சாரம். அவர் முகம் நேரில் நின்ற இடத்தில் நாற்பது, அவர் படத்தைத் தட்டியில் வைத்துக்கொண்டு இன்னொருவர் நின்ற இடத்தில் எட்டு. நடிகரின் செல்வாக்கு அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது, எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கும்போது ஐந்தில் ஒரு பங்குதான் கைமாறுகிறது.

2021-இல் கமல்ஹாசன் கதையும் இதேதான். கோயம்புத்தூர் தெற்கில் அவரே நின்றார். மூன்றில் ஒரு பங்கு ஓட்டு. பாஜகவின் வானதி சீனிவாசனிடம் 1,728 ஓட்டில் தோற்றார். அவர் கட்சிக்கு மாநில அளவில் கிடைத்தது மூன்று சதவீதம்கூட இல்லை.

இப்போது உங்கள் 400-க்கு வருகிறேன். ஒரு சட்டமன்றத் தொகுதியில் 250 முதல் 300 பூத்து வரை இருக்கும். ஒரு பூத்துக்கு உள்ளே ஒரு முகவர், அவருக்கு மாற்று ஒருவர், வெளியே மேஜை போட்டு உட்கார இரண்டு பேர், தெருவுக்குள் போய் வர ஒருவர். ஐந்து பேர் வைத்தாலும் 280 பூத்துக்கு 1,400 பேர். உங்களிடம் 400 பேர்தானே என்று நான் குறை சொல்லவில்லை, 400 பேர் என்பது நல்ல எண்ணிக்கை. ஆனால் அந்த 400 பேரும் எங்கே குடியிருக்கிறார்கள்? பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, தியேட்டர் இருக்கிற நகரத்தில், இருபது பூத்து எல்லைக்குள். மீதி 260 பூத்தும் கிராமத்தில் கிடக்கிறது. அங்கே உங்களுக்கு எழுபது எழுபதாக ஓட்டு இருக்கிறது, ஆள் இல்லை. ஓட்டு பரந்து கிடக்கிறது, ஆள் குவிந்து கிடக்கிறீர்கள். தேர்தலில் ஜெயிக்க இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும்: ஆள் பரந்திருக்க வேண்டும், ஓட்டு சில இடங்களிலாவது குவிந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் நம் தேர்தலில் இரண்டாவதாக வந்தவனுக்கு ஒன்றும் கிடையாது. லட்சத்து ஐம்பதாயிரம் பேர் ஓட்டுப் போட்ட தொகுதியில் 8 சதவீதம் என்றால் பன்னிரண்டாயிரம் ஓட்டு. அந்தக் கூட்டத்தை ஒரு மைதானத்தில் நிற்க வைத்தால் கண் நிறையும். ஆனால் டெபாசிட்டைத் திரும்ப வாங்கவே பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வேண்டும், அதாவது இருபத்தைந்தாயிரம். ஒரு சாதிக் கட்சிக்கு மாநில அளவில் ஐந்து சதவீதம் இருந்தாலும் அது நாலைந்து மாவட்டத்தில் கெட்டியாக இருக்கும், அங்கே இடம் ஜெயிக்கும். சினிமாவுக்கு ஊர் வித்தியாசம் இல்லை. கன்னியாகுமரியிலும் கைதட்டுவார்கள், கும்மிடிப்பூண்டியிலும் கைதட்டுவார்கள். எல்லா ஊரிலும் கொஞ்சம் என்பது சினிமாவில் வெள்ளி விழா, தேர்தலில் டெபாசிட் காலி.

அப்புறம் நீங்கள் என்னிடம் சொன்ன பதில்: "சார், அதே தேமுதிக 2011-இல் 29 இடம் ஜெயித்ததே, கேப்டன் எதிர்க்கட்சித் தலைவராகவே ஆனாரே?" ஆனார். 2006-இல் 8.4 சதவீத ஓட்டு, ஒரு இடம். 2011-இல் 7.9 சதவீத ஓட்டு, 29 இடம். ஓட்டு குறைந்து இடம் கூடியது எப்படி? 2011-இல் அவர்கள் நின்றது அதிமுக கூட்டணியில் 41 தொகுதியில் மட்டும். அந்த 41 இடத்தில் வாங்கியதைத்தான் மாநிலம் முழுதுக்கும் பரப்பி 7.9 என்று காட்டுகிறார்கள். நின்ற இடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 45 சதவீதம் வரும். அதில் பெரும்பகுதி யாருடையது? இரட்டை இலைக்காரர்களுடையது. என் பூத்தில் பார்த்த பெரியவரைப் போன்றவர்கள் அந்த முறை முரசுக்காகச் சிவப்புப் பென்சில் பிடித்தார்கள். கேப்டனுடைய எட்டு சதவீதம் அங்கே வெற்றியை உறுதி செய்த மேல் ஓட்டு. அது இல்லாவிட்டால் சில இடம் போயிருக்கலாம், ஆனால் அடி ஓட்டு அவருடையது அல்ல.

இது என் யூகம் இல்லை, பின்னால் நடந்ததே சாட்சி. சட்டமன்றத்தில் சண்டை வந்து கூட்டணி முறிந்தது. அவருடைய எம்எல்ஏக்கள் ஒவ்வொருவராகத் 'தொகுதி வளர்ச்சிக்காக' முதலமைச்சரைப் பார்க்கப் போனார்கள். 2016-இல் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து முதலமைச்சர் வேட்பாளராக 104 இடத்தில் ஆள் நிறுத்தினார். மாநில அளவில் 2.4 சதவீதம். நின்ற இடத்தில் மட்டும் கணக்குப் பார்த்தாலும் ஐந்தைத் தாண்டிக் கொஞ்சம்தான். ஒரு இடமும் இல்லை. உளுந்தூர்ப்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போயிற்று. பத்து வருடத்துக்கு முன்னால் அதே வட்டாரத்தில் நாற்பது சதவீதம் வாங்கிய மனிதர்! நேர்மையானவர், கை நீட்டிக் கொடுத்தவர், 2023 டிசம்பரில் அவர் இறந்தபோது சென்னை எப்படித் திரண்டது என்று பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் 2016-இல் முரசுக்குப் போட்டிருந்தாலே கதை வேறு. பாசம் இருந்தது, பட்டனுக்கு வரவில்லை.

பக்கத்து மாநிலத்தில் பவன் கல்யாணுக்கு இந்தப் பாடம் தலைகீழ் வரிசையில் கிடைத்தது. 2019-இல் தெலுங்கு தேசத்தையும் பாஜகவையும் விட்டு இடதுசாரிகளோடும் பகுஜன் சமாஜோடும் சேர்ந்து நின்றார், ஏறத்தாழ ஐந்தரை சதவீதம், ஒரே ஒரு இடம். அவர் நின்ற பீமவரம், காஜுவாக்கா இரண்டிலும் தோல்வி. 2024-இல் தெலுங்கு தேசத்தோடு சேர்ந்து 21 இடம் வாங்கி 21-லும் ஜெயித்துத் துணை முதலமைச்சர் ஆனார். ரசிகர்கள் கூடவில்லை. சந்திரபாபுவின் பூத்து ஆட்கள் கூடினார்கள், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் எம்ஜிஆர்? நீங்கள் தீர்மானத்தின் முதல் வரியிலேயே அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். யார் கட்சி தொடங்கினாலும் முதல் வரி அதுதான்.

1972 அக்டோபரில் கணக்குக் கேட்டதற்காகத் திமுகவிலிருந்து நீக்கப்பட்டு அண்ணா திமுகவைத் தொடங்கியபோது எம்ஜிஆர் அரசியலுக்குப் புதியவர் அல்ல. 1953 முதல் திமுகக்காரர். மேலவை உறுப்பினராக இருந்தவர், இரண்டு முறை எம்எல்ஏ, கட்சியின் பொருளாளர். தேர்தலுக்குத் தேர்தல் ஊர் ஊராகப் போய் உதயசூரியனுக்கு ஓட்டுக் கேட்டவர். அவருடைய மன்றங்கள் சும்மா சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, கட்சிக் கிளையோடு கிளையாகப் பூத்து வேலை பார்த்துப் பழகியவை. மன்றத் தலைவரும் கிளைச் செயலாளரும் ஒரே ஆளாக இருந்த ஊர்கள் ஏராளம். அவர் வெளியேறியபோது ரசிகர் கூட்டம் மட்டும் வரவில்லை, சிவப்புப் பென்சில் பெரியவர்களில் ஒரு பாதியும் கூடவே வந்தார்கள். அவர் புதுக் கட்சி ஆரம்பித்தார் என்பதைவிட இருந்த கட்சியைப் பிளந்து பாதி எடுத்துக்கொண்டு போனார் என்பதே சரி.

அதற்குப் பரீட்சை 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் வந்தது. எம்ஜிஆர் நிற்கவில்லை. மாயத்தேவர் என்ற வழக்கறிஞரை நிறுத்தினார், சுயேச்சைகளுக்கு இருந்த சின்னங்களில் இருந்து இரட்டை இலையை எடுத்துக்கொண்டார்கள். கட்சிக்கு ஏழு மாத வயது, ஆளும் கட்சி திமுக. மாயத்தேவர் லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், பழைய காங்கிரஸ் இரண்டாவது, திமுக மூன்றாவது. விருத்தாசலத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே முகம் நின்று ஜெயித்தது. இங்கே முகம் நிற்காமலே ஜெயித்தது. செல்வாக்கு சட்டைப் பையில் இருந்து இலைக்கு மாறிவிட்டது. இந்த மாற்றம் எந்த நடிகருக்கு நடந்தது என்று கேளுங்கள், பதில் ரொம்பச் சுருக்கமாக வரும்.

இன்னொரு விஷயத்தையும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். 1977-இல் எம்ஜிஆர் 130 இடம் பிடித்து ஆட்சி அமைத்தபோது அவர் கட்சி வாங்கியது ஏறத்தாழ 30 சதவீத ஓட்டுதான். திமுக 25, காங்கிரசும் ஜனதாவும் ஆளுக்கு 17 பக்கம். நான்கு முனைப் போட்டி. நான்கு பேர் இழுக்கிற கயிற்றில் முப்பது போதும். காமராஜர் 1975-இல் போய்விட்டார், அவருடைய காங்கிரஸ் சிதறியது, திமுக ஆட்சி 1976-இல் கலைக்கப்பட்டு விசாரணைக் கமிஷனில் மாட்டிக்கொண்டிருந்தது. விஜயகாந்த் வந்த 2006-இல் கருணாநிதியும் ஜெயலலிதாவும் நேருக்கு நேர் நின்றார்கள், இரண்டு கூட்டணியும் சேர்ந்து எண்பது சதவீதத்துக்கு மேல் ஓட்டை வாரிக்கொண்டன. அங்கே முப்பது வாங்கினாலும் மூன்றாம் இடம்தான்.

அமைப்பே இல்லாமல் ஜெயித்த ஒரே பெரிய உதாரணம் வேண்டுமென்றால் என்.டி. ராமாராவைச் சொல்லலாம். 1982 மார்ச்சில் கட்சி, 1983 ஜனவரியில் முதலமைச்சர். 294-இல் இருநூறுக்கு மேல் இடம், 46 சதவீத ஓட்டு. பழைய செவர்லே வண்டியைத் தேராக்கி அதன் மேல் உட்கார்ந்து ஆந்திரா முழுக்கச் சுற்றினார், சாலையோரம் குளித்தார், சாப்பிட்டார். இதைத்தான் எல்லா நடிகரும் நகல் எடுக்கிறார்கள், வண்டி மட்டும் புதிதாகிக்கொண்டே போகிறது. ஆனால் அந்த வெற்றியில் வண்டியின் பங்கு பாதிதான். அங்கே அதுவரை காங்கிரசைத் தவிர ஆண்ட கட்சியே இல்லை, அதை எதிர்த்து நிற்கத் தகுந்த ஒரு மாநிலக் கட்சியும் இல்லை. காங்கிரசோ ஐந்து வருடத்தில் நான்கு முதலமைச்சர்களை டெல்லியில் இருந்து மாற்றியது. அதில் அஞ்சய்யா என்பவரை ஐதராபாத் பேகம்பேட்டை விமான நிலையத்தில் ராஜீவ் காந்தி அவமதித்தார் என்ற பேச்சு ஊரெல்லாம் எரிந்தது. தெலுங்கர் மானம் என்று என்டிஆர் சொன்னபோது ஓட்டுப் போடக் காத்திருந்தவர்களுக்குப் போட இடம் கிடைத்தது. எதிர்க்கட்சி நாற்காலி நிஜமாகவே காலி.

அதே மண்ணில் 2008 ஆகஸ்டில் திருப்பதியில் சிரஞ்சீவி பிரஜா ராஜ்யத்தைத் தொடங்கினார். அன்று வந்த கூட்டம் என்டிஆர் கூட்டத்துக்குச் சளைத்ததல்ல. ஆனால் ஆளும் நாற்காலியில் ராஜசேகர ரெட்டி அழுத்தி உட்கார்ந்திருந்தார், எதிர்க்கட்சி நாற்காலியில் சந்திரபாபு. 2009-இல் சிரஞ்சீவிக்கு 16 சதவீத ஓட்டு, 18 இடம். திருப்பதியில் ஜெயித்தவர் தன் சொந்தப் பக்கமான பாலகொல்லுவில் தோற்றார். 2011-இல் கட்சியைக் காங்கிரசில் கரைத்துவிட்டார்.

சிவாஜி கணேசனை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான். அவருக்கு இல்லாத மன்றமா? காங்கிரசுக்காகப் பல வருடம் உழைத்தார், ஆனால் காங்கிரஸ் கிளைகள் அவர் கையில் இருந்ததில்லை. 1988-இல் தனிக்கட்சி கண்டு, எம்ஜிஆரின் மனைவி ஜானகியின் அணியோடு சேர்ந்து 1989-இல் திருவையாற்றில் நின்றார். தஞ்சாவூர்ப் பக்கம் அவருக்குச் சொந்த ஊர் மாதிரி. தோற்றார், அவர் கட்சிக்கு ஒரு இடமும் இல்லை. அந்தத் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டு ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் ஜெயலலிதா அணி சேவலிலும் நின்றன. புறா பக்கம் கிளைச் செயலாளர்கள் போகவில்லை. எம்ஜிஆரின் மனைவியும் நடிகர் திலகமும் சேர்ந்து கூப்பிட்டும் போகவில்லை. ஆட்சி திமுகவுக்குப் போயிற்று.

இவ்வளவும் தெரிந்தும் நடிகர்கள் ஏன் வருகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். புகழ், வயது, மார்க்கெட், வருமான வரி என்று டீக்கடையில் நூறு காரணம் சொல்வார்கள். எனக்குப் படுவது வேறு, சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாதி நேரம் அவர்கள் வருவதில்லை, நீங்கள் இழுக்கிறீர்கள். இருபது வயதில் பால் அபிஷேகம் செய்தவனுக்கு நாற்பது வயதாகிறது. கைக்காசு போட்டு ரத்த தானம், நோட்டுப் புத்தகம், அன்னதானம் எல்லாம் நடத்தியிருக்கிறான். ஊரில் அவனுக்கு மரியாதை உண்டு. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். தாலுகா ஆபீசில் அவன் சொல்லி ஒரு பட்டா மாறாது. பக்கத்துத் தெருவில் அவனோடு படித்தவன் கட்சியில் வட்டச் செயலாளர், அவனுக்கு நாற்காலி போடுகிறார்கள். மன்றத்தைக் கட்சியாக்கினால் அந்த நாற்காலி நமக்கும் வரும். இந்த ஆசையில் தப்பே இல்லை, ஜனநாயகத்தில் எல்லோருக்கும் உள்ளதுதான். உங்கள் தீர்மானத்தில் கோட்டை நாற்காலி என்று எழுதியிருந்தாலும் நீங்கள் மனதில் வைத்திருப்பது ஸ்டேஷன் நாற்காலியோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இருந்தால் அதை வெளிப்படையாகவே எழுதுங்கள், தலைமைக்கும் புரியும்.

நடிகர் பக்கத்திலும் இது தெரியும். 2017-இன் கடைசி நாளில் அரசியலுக்கு வருவேன் என்று சொன்ன ரஜினிகாந்த் மூன்று வருடம் மன்றங்களைப் பூத்து வாரியாக அமைக்கச் சொல்லி, 2020 டிசம்பரில் உடல்நிலையைக் காரணம் காட்டி வரவில்லை என்றார். வள்ளுவர் கோட்டத்தில் ரசிகர்கள் கூடி வரச் சொல்லிப் போராடினார்கள். கோழை என்று சிலர் பேசினார்கள். எனக்கென்னவோ கணக்கை முழுசாகப் பார்த்தவர் எடுத்த முடிவு போலத்தான் தெரிந்தது.

இனி உங்கள் தீர்மானம். "காத்திருக்கிறது" என்பதில் 'த்' விட்டுப்போயிருந்தது, சேர்த்துவிட்டேன். "400 உறுப்பினர்கள், 1,600 ஓட்டு" என்ற வரியைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன், அடிக்கவில்லை. அடிப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்கு ஒரு வேலை செய்ய வேண்டும். நம் ஊருக்கு வெளியே, மன்றக் கிளை இல்லாத ஒரு கிராமத்தின் வாக்காளர் பட்டியலை எடுங்கள், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஒரு பாகத்தில் ஆயிரம் பெயர் இருக்கும். வரிசையாகப் படித்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக மூன்று கட்டம்: இவர் உயிரோடு இருக்கிறாரா, ஊரில் இருக்கிறாரா, போன முறை யாருக்குப் போட்டார். தெரிந்தால் கோடு போடுங்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். அப்படியே உங்கள் 400 பேரின் வீட்டுப் பெயர்களையும் தேடிப் பாருங்கள். எத்தனை பேருக்குப் பதினெட்டு ஆகியிருக்கிறது, எத்தனை பேர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை வீட்டில் அம்மா இன்னும் இலையைத் தவிர எதையும் தொட மாட்டார் என்று எழுதுங்கள்.

பென்சில் இல்லையென்றால் சொல்லுங்கள், பள்ளிக்கூடக் காலத்துச் சிவப்புப் பென்சில் ஒரு கட்டு வீட்டில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்னால் சந்தைக்குப் போயிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய தமிழ் வாத்தியார்